இன்ஸ்டா ஸ்டோரி மறைந்த பிறகு என்ன மிஞ்சும்: 24, 48, அப்புறம் ஆர்கைவ்

சேலத்தில் இருக்கும் என் சித்தி மகள் ஆரி வேலை செய்த கல்யாண பிளவுஸ் தைத்து விற்கிறாள். கடை கிடையாது, வீட்டுக் கூடத்தில் ஒரு ஸ்டாண்டும் ரெண்டு தையல் மிஷினும், அவ்வளவுதான். வியாபாரம் முழுக்க இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் ஓடுகிறது. ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு போன் செய்து, "அண்ணா, என் ஸ்டோரியைப் பார்த்தவங்க பேரெல்லாம் காணோம், யாராவது என் அக்கவுண்ட்டுக்குள்ள புகுந்துட்டாங்களா?" என்றாள். குரலில் நிஜமான பயம்.

யாரும் புகவில்லை. வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்குப் போட்ட ஸ்டோரி அது. அதை, புரொஃபைலில் நிலையாகத் தெரியும்படி, ஹைலைட்டில் சேர்த்து வைத்திருந்தாள். திங்கட்கிழமை வரைக்கும் படம் அப்படியே இருக்கிறது, ஆனால் பார்த்தவர் பட்டியல் காலி. படம் இருக்கும்போது பெயர்கள் மட்டும் எப்படிப் போகும் என்பதுதான் அவள் கேள்வி. கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் நம்மில் பலர் இதைத் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறோம். 24 மணி நேரத்தில் படம் அழிந்துவிடும், யார் பார்த்தார்கள் என்ற விவரம் எங்காவது இருக்கும் என்று நினைக்கிறோம். நடப்பது நேர் எதிர். பெயர்கள் ரெண்டு நாளில் போய்விடும். படம் நாமாக அழிக்கிற வரை போகாது.

அதனால் ஒரு ஸ்டோரிக்கு மூன்று கடிகாரம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. மற்றவர்கள் பார்ப்பதற்கு 24 மணி நேரம். பார்த்தவர் பெயர் நமக்குத் தெரிவதற்கு 48 மணி நேரம். மறைந்த ஸ்டோரி நமக்கு மட்டும் தெரிகிறபடி சேமிப்பாகிற ஆர்கைவில் இருப்பதற்குக் கெடு எதுவும் இல்லை. அவளுடைய அந்த வெள்ளிக்கிழமை ஸ்டோரியை வைத்தே மூன்றையும் பார்த்துவிடலாம். ஆப்பின் மெனுப் பெயர்களை ஆங்கிலத் திரையில் தெரிகிறபடியே தருகிறேன்.

முதல் கடிகாரம்: 24 மணி நேரம்

ஸ்டோரி என்ற வடிவத்தை முதலில் கொண்டுவந்தது ஸ்னாப்சாட், 2013-ல். இன்ஸ்டாகிராம் 2016 ஆகஸ்டில் அதையே எடுத்துக்கொண்டது. அப்போதிருந்து 24 மணி நேரம் என்ற அளவு மாறவில்லை.

இதில் பலர் கவனிக்காத விஷயம், இந்தக் கணக்கு ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி என்பது. நம் புரொஃபைல் படத்தைச் சுற்றி ஒரே வளையம் தெரிவதால் எல்லாம் ஒன்றாகப் போய் ஒன்றாக மறையும் என்று தோன்றும். என் தங்கை அன்று ஐந்து படம் போட்டிருந்தாள். மாலை 7 மணிக்கு மூன்று, சாப்பிட்டுவிட்டு 9.30-க்கு ரெண்டு. சனிக்கிழமை மாலை 7 மணிக்கு முதல் மூன்றும் மறைந்துவிட்டன, 9.30 வரை கடைசி ரெண்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. சனிக்கிழமை இரவு 8 மணிக்கு உள்ளே வந்த ஒருத்தருக்கு விலை எழுதிய நான்காவது படம் தெரிந்தது, பிளவுஸ் தெரிந்த முதல் மூன்றும் தெரியவில்லை. "எதுக்கு இந்த விலை?" என்று ஒரு மெசேஜ் வந்ததாகச் சொன்னாள். ஒன்றையொன்று சார்ந்த படங்களை ஒரே மூச்சில் போட்டுவிடுங்கள், அல்லது விலையைப் பொருளின் படத்திலேயே எழுதிவிடுங்கள்.

இந்த 24 மணி நேரத்தில் யார் பார்க்கலாம் என்பதை நம் அக்கவுண்ட் முடிவு செய்கிறது. பப்ளிக் அக்கவுண்ட் என்றால் நம்மைப் பின்தொடராதவர்களும் பார்க்கலாம். பிரைவேட் என்றால் நாம் அனுமதித்த ஃபாலோயர்கள் மட்டும். பிரைவேட் அக்கவுண்ட் ஸ்டோரியை ஒரு ஃபாலோயர் தன் நண்பருக்கு மெசேஜில் அனுப்பினாலும், அந்த நண்பர் நம் ஃபாலோயர் இல்லை என்றால் அவருக்குத் திறக்காது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் அது வேறு கதை, அதற்கு வருகிறேன்.

குறிப்பிட்ட ஆட்களை மட்டும் விலக்க வேண்டும் என்றால், புரொஃபைலில் மேலே வலப்பக்கம் இருக்கும் மூன்று கோட்டைத் தொட்டு, வருகிற பட்டியலில் `Hide story and live` என்பதற்குள் போய்ப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களுக்கு எந்தத் தகவலும் போகாது. நம் போஸ்ட்டெல்லாம் வழக்கம்போல் தெரியும், ஸ்டோரி வளையம் மட்டும் வராது. ஆனால் பப்ளிக் அக்கவுண்ட்டில் இது அவ்வளவு பெரிய பூட்டு இல்லை. வேறொரு அக்கவுண்ட்டிலிருந்து வந்தால் பார்த்துவிட்டுப் போகலாம்.

இதற்கு எதிர்த் திசையில் `Close Friends` இருக்கிறது. சிலரை மட்டும் ஒரு பட்டியலில் சேர்த்து அவர்களுக்கு மட்டும் ஸ்டோரி போடலாம், 2018-ல் வந்த வசதி. வளையம் பச்சை நிறத்தில் வரும். பச்சையைப் பார்த்ததுமே தான் அந்தப் பட்டியலில் இருப்பது ஒருவருக்குத் தெரிந்துவிடும், கூட யார் யார் இருக்கிறார்கள் என்பது தெரியாது. வீட்டு விசேஷம், குழந்தை படம் போன்றவற்றுக்கு என்னைக் கேட்டால் இதுதான் சரி. ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டிருப்பதைவிட வேண்டிய இருபது பேரைச் சேர்ப்பது சுலபம், யாரையாவது விலக்க மறந்துவிட்டோமா என்ற கவலையும் இல்லை.

இரண்டாவது கடிகாரம்: பார்த்தவர் பட்டியல்

பார்க்கும் வழி தெரிந்ததுதான். நம் ஸ்டோரியைத் திறந்து மேல்நோக்கித் தள்ளினால், அல்லது கீழே இடப்பக்கம் தெரிகிற குட்டிக் குட்டி முகங்களைத் தொட்டால், பட்டியல் வரும். கண் குறியோடு ஒரு எண், அதன் கீழே பெயர்கள். யாராவது இதயம் போட்டிருந்தால் அவர் பெயருக்குப் பக்கத்தில் தெரியும்.

இந்தப் பட்டியல் யாருக்குத் தெரியும்? போட்டவருக்கு மட்டும். பார்த்தவர்களில் ஒருவருக்கும் மற்றவர்கள் பெயர் தெரியாது, மொத்தம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணும் தெரியாது. நாம் ஸ்டோரியில் டேக் செய்த ஆளுக்கும் தெரியாது. கல்யாண வீட்டில் பெண்ணை டேக் செய்து ஸ்டோரி போட்டால், அதை யார் பார்த்தார்கள் என்பது போட்டவருக்குத்தான் தெரியும், பெண்ணுக்குத் தெரியாது. அவள் அதை எடுத்துத் தன் ஸ்டோரியில் மறுபடி பகிர்ந்தால், அந்தப் பகிர்வைப் பார்த்தவர்கள் பட்டியல் அவளுக்கு வரும்.

இதில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. "போட்டவருக்கு மட்டும்" என்றால் உண்மையில் "அந்த அக்கவுண்ட்டுக்குள் நுழைந்திருக்கிறவர் எவருக்கும்" என்று அர்த்தம். என் தங்கை அக்கவுண்ட் அவள் போனிலும் அவள் கணவர் போனிலும் லாகின் ஆகியிருக்கிறது, ஆர்டர் பார்ப்பதற்காக. ஆகவே பட்டியலை ரெண்டு பேரும் பார்க்கலாம், ரெண்டு பேரில் யார் திறந்து பார்த்தார்கள் என்று தெரிய வழியில்லை. கடை அக்கவுண்ட்டை வேலைக்கு வந்த பையனிடமோ படம் போட்டுத் தருகிற ஏஜென்சியிடமோ கொடுத்தவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். இப்போது எந்தெந்தப் போனில் உங்கள் அக்கவுண்ட் திறந்திருக்கிறது என்பதை `Accounts Center` உள்ளே `Password and security`, அதற்குள் `Where you're logged in` என்ற இடத்தில் பார்த்து, வேண்டாததை வெளியேற்றிவிடலாம்.

சரி, 48 மணி நேரத்துக்கு வருவோம். ஸ்டோரி போட்ட நேரத்திலிருந்து 48 மணி நேரம் வரை பெயர்களைப் பார்க்கலாம். மறைந்த நேரத்திலிருந்து எண்ணக்கூடாது, போட்ட நேரத்திலிருந்து. வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்குப் போட்டதற்கு ஞாயிறு மாலை 7 வரை. 9.30-க்குப் போட்டதற்கு ஞாயிறு இரவு 9.30 வரை. சனிக்கிழமை மாலை ஸ்டோரி மறைந்த பிறகு மிச்சமிருக்கிற ஒரு நாளும் ஆர்கைவுக்குள் போய், அந்த ஸ்டோரியைத் திறந்து, மேலே தள்ளித்தான் பார்க்க வேண்டும். பலர் அந்த இடத்துக்கே போவதில்லை, அதனால் அவர்களைப் பொறுத்தவரை பட்டியலும் 24 மணி நேரத்திலேயே போய்விட்டது.

ஹைலைட்டில் வைத்தால் இந்த நேரம் நீளுமா? நீளாது. தங்கை மாட்டிக்கொண்டது இங்கேதான். ஹைலைட்டில் இருக்கிற படத்தை மூன்று மாதம் கழித்து ஒருவர் வந்து பார்த்தாலும் பார்க்கலாம், ஆனால் அவர் பெயர் உங்களுக்கு வராது. ஹைலைட்டை யார் பார்த்தார்கள் என்பதை, அந்த ஸ்டோரி போட்டு 48 மணி நேரம் ஆன பிறகு, யாராலும் கண்டுபிடிக்க முடியாது. போட்டவரும் சேர்த்துத்தான். பழைய ஹைலைட்டுகளை நள்ளிரவில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு "ஐயோ, தெரிந்திருக்குமோ" என்று பயப்படுகிறவர்களுக்கு இது நல்ல செய்தி.

புரொஃபஷனல் அக்கவுண்ட்டாக மாற்றியிருந்தால் எத்தனை பேரைச் சென்றடைந்தது, எத்தனை பேர் அடுத்ததற்குத் தட்டிவிட்டுப் போனார்கள் என்ற எண்களை அதற்குப் பிறகும் பார்க்கலாம். ஆனால் அவை எண்கள் மட்டும். எந்த வகை அக்கவுண்ட்டாக இருந்தாலும் பெயருக்கு 48 மணி நேரம்தான்.

அப்படியானால் யார் ஆர்வமாகப் பார்த்தார்கள் என்று குறித்துக்கொள்ள நினைக்கிற சின்ன வியாபாரி என்ன செய்வது? பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கலாம். நான் தங்கைக்குச் சொன்னது வேறு. பிளவுஸ் படத்திலேயே 1, 2, 3 என்று எண் போடு, "விலை வேண்டுமானால் எண்ணை மட்டும் ரிப்ளை செய்யுங்கள்" என்று எழுது. ஸ்டோரிக்கு வருகிற ரிப்ளை மெசேஜாக இன்பாக்ஸில் விழும், அதற்கு 24-ம் கிடையாது, 48-ம் கிடையாது, நீங்களோ அவர்களோ அழிக்கிற வரை இருக்கும். ஸ்டோரி காலாவதியான பிறகு வாடிக்கையாளருக்கு அந்த மெசேஜோடு ஒட்டிய படம் காட்டாது, எந்தப் பிளவுஸைக் கேட்டோம் என்று அவருக்கே மறந்துபோகும். எண் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. இப்போது அவள் பட்டியலைப் பார்ப்பதையே ஏறக்குறைய விட்டுவிட்டாள்.

பட்டியல் சொல்வதும் சொல்லாததும்

ஒவ்வொரு படத்துக்கும் தனிப் பட்டியல். ஐந்து படத்தில் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு வெளியே போனவர் பெயர் முதல் படத்தில் மட்டும் இருக்கும். அதனால்தான் முதல் படத்துக்கு 140, கடைசிப் படத்துக்கு 60 என்று எண் இறங்கிக்கொண்டே வரும். இதில் பதற ஒன்றுமில்லை, எல்லோருக்கும் இறங்கும். நடுவில் ஒரே ஒரு படத்தில் திடீரென்று பாதியாக விழுந்திருந்தால்தான் அதற்கு முந்தைய படத்தைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் அது எழுத்து நிறைந்த படமாக இருக்கும்.

ஒருவர் பத்து முறை பார்த்தாலும் பெயர் ஒரு முறைதான் வரும். எத்தனை முறை பார்த்தார், எத்தனை மணிக்குப் பார்த்தார் என்று பெயருக்குப் பக்கத்தில் எதுவும் இருக்காது. "காலையிலிருந்து நாலு தடவை பார்த்திருக்கான்" என்று யாராவது சொன்னால், அது இந்தப் பட்டியலிலிருந்து வந்த தகவலாக இருக்க வழியில்லை.

அப்புறம் அந்த வரிசை. மேலே இருக்கும் பெயர்தான் நம்மை அதிகம் கவனிக்கிற ஆள் என்று கல்லூரி விடுதிகளில் ஒரு தனி ஆராய்ச்சியே நடக்கிறது. வரிசை எப்படி அமைகிறது என்ற முழுக் கணக்கை இன்ஸ்டாகிராம் வெளியிட்டதில்லை. நமக்கும் அவர்களுக்கும் இடையிலான போக்குவரத்து, அதாவது நாம் யாரிடம் பேசுகிறோம், யார் பக்கத்துக்குப் போகிறோம் என்பது அதில் கலந்திருக்கும்போது, மேலே நிற்கிற பெயர் அவருடைய ஆர்வத்தைக் காட்டுகிறதா நம்முடையதைக் காட்டுகிறதா என்று எப்படிப் பிரிப்பது? அந்த வரிசையை வைத்து யாரிடமும் போய்ப் பேச்செடுக்க வேண்டாம்.

பெயர் இருந்தால் பார்த்தார் என்றுகூட முழுதாகச் சொல்ல முடியாது. இன்ஸ்டாவில் ஒருவருடைய ஸ்டோரி முடிந்ததும் அடுத்தவருடையது தானாக ஓட ஆரம்பிக்கும். போனைக் கீழே வைத்துவிட்டு சட்னி தாளிக்கப் போனாலும் ஓடும், ஓடினால் பெயர் விழும். எதிர்வீட்டுப் பெரியம்மா உங்கள் எல்லா ஸ்டோரியையும் "பார்த்திருக்கிறார்" என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மாறாக, உங்கள் ஸ்டோரியை மியூட் செய்தவர் பெயர் பெரும்பாலும் வராது, ஏனென்றால் அவருக்கு அது தானாக ஓடாது. மியூட் செய்ததும் உங்களுக்குத் தெரியாது.

பெயர் விழாமல் பார்க்க முடியுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், நேராகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டோரி வளையங்கள் வந்த பிறகு போனை ஏரோபிளேன் மோடில் போட்டுப் பார்க்கும் தந்திரம் நம்பத்தக்கதில்லை, நெட் திரும்ப வரும்போது பார்த்த விவரம் போய்ச் சேர்ந்துவிடலாம். பெயர் தெரியாமல் பார்க்கலாம் என்கிற வெப்சைட்டுகள் பப்ளிக் அக்கவுண்ட்டை மட்டும்தான் காட்ட முடியும், தங்களிடம் இருக்கிற வேறு அக்கவுண்ட் வழியாக எடுத்துக் காட்டுகின்றன. பிரைவேட் அக்கவுண்ட்டையும் காட்டுவேன் என்று சொல்லி உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கிற எதுவும் அக்கவுண்ட் திருடுகிற வேலை. "உங்கள் ஹைலைட்டை யார் பார்த்தார்கள் என்று காட்டுகிறோம்" என்கிற ஆப்களும் இதே ரகம். மேலே சொன்னபடி அந்த விவரம் போட்டவருக்கே இல்லாதபோது இந்த ஆப்புக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

ஸ்கிரீன்ஷாட்: ஸ்டோரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போட்டவருக்குத் தகவல் போகாது. 2018-ல் சிலருக்கு மட்டும் தகவல் போகிறபடி சோதித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள், அந்தச் சோதனையின் மிச்சம்தான் இன்றும் சுற்றுகிற வதந்தி. இன்பாக்ஸில் ஒரு முறை மட்டும் பார்க்கும்படி அனுப்புகிற படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அனுப்பியவருக்குத் தெரியும். ஆக 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்ற தைரியத்தில் எதையும் போட வேண்டாம், ஒரே ஒருவர் பார்த்திருந்தாலும் பிரதி அவர் கையில் இருக்கலாம்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பழக்கத்தை இங்கே கொண்டுவருவதாலும் குழப்பம் வருகிறது. அதுவும் 24 மணி நேரம்தான், அங்கும் பட்டியல் போட்டவருக்கு மட்டும்தான். ஆனால் அங்கே ஒருவர் நீல டிக்கை அணைத்து வைத்திருந்தால் ஸ்டேட்டஸ் பார்த்தாலும் பெயர் வராது, பதிலுக்கு அவருக்கும் அவர் ஸ்டேட்டஸைப் பார்த்தவர்கள் பெயர் தெரியாது. இன்ஸ்டாவில் மெசேஜ் படித்த தகவலை அணைக்கலாம், ஆனால் அதனால் ஸ்டோரி பட்டியலிலிருந்து தப்ப முடியாது.

மூன்றாவது கடிகாரம்: முள்ளே இல்லாதது

2017 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் ரெண்டு வசதியைச் சேர்த்துக் கொண்டுவந்தது, ஆர்கைவ், ஹைலைட். அதுவரை சேமித்து வைக்காத ஸ்டோரி 24 மணி நேரத்தில் கைவிட்டுப் போனது. அதன் பிறகு, நாம் வேண்டாம் என்று சொல்லாத வரை, மறைகிற ஒவ்வொரு ஸ்டோரியும் தானாக ஆர்கைவுக்குப் போகிறது. அங்கே எவ்வளவு நாள் இருக்கும் என்றால், நாம் அழிக்கும் வரை. ஒரு வருடம் ஆகிவிட்டது, இடம் நிறைந்துவிட்டது என்றெல்லாம் எதுவும் இல்லை. நம் போனில் இடம் பிடிப்பதும் இல்லை, அவர்கள் சர்வரில் இருக்கிறது. நம்மைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

பார்க்க, புரொஃபைலில் மூன்று கோடு, அங்கே `Archive`. திறந்ததும் மேலே `Stories archive` என்று இருக்க வேண்டும். `Posts archive` என்று இருந்தால் அதைத் தொட்டு மாற்றுங்கள். அதில் மூன்று விதமான காட்சி உண்டு: வரிசையாக, நாட்காட்டியாக, அப்புறம் இடம் குறித்த ஸ்டோரிகள் வரைபடத்தில். பழைய படம் தேட நாட்காட்டிதான் வசதி. தங்கை ரெண்டு வருடத்துக்கு முன் தைத்த ஒரு மயில் டிசைனை ஒரு வாடிக்கையாளர் கேட்டபோது ஆடி மாதத் தேதிகளைத் தட்டித் தட்டி ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தாள்.

உங்களுக்கு ஆர்கைவ் காலியாக இருந்தால் சேமிப்பு அணைந்திருக்கிறது. மூன்று கோட்டுக்குள் போய் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் `archive` என்று அடியுங்கள், மெனு எந்தப் பதிப்பில் எங்கே மாறியிருந்தாலும் கிடைத்துவிடும். `Archiving and downloading` என்ற பக்கம் வரும், அதில் `Save story to archive` என்பதை இயக்குங்கள். இன்றைக்கு இயக்கினால் இனி மறைபவைதான் சேரும், அணைந்திருந்த காலத்தில் மறைந்தவை திரும்ப வராது.

ஆர்கைவிலிருந்து ஒரு படத்தை மறுபடி ஸ்டோரியாகப் போடலாம், ஹைலைட்டில் சேர்க்கலாம். ரெண்டுக்கும் கணக்கு வேறு. மறுபடி ஸ்டோரியாகப் போட்டால் அது புது ஸ்டோரி, 24-ம் 48-ம் முதலிலிருந்து ஓடும், புதுப் பட்டியல் வரும். ஹைலைட்டில் சேர்த்தால் எந்தக் கடிகாரமும் ஓடாது, படம் மட்டும் புரொஃபைலில் தெரியும். ஒரு ஹைலைட்டில் 100 படம் வரை சேர்க்கலாம். ஹைலைட்டிலிருந்து எடுத்துவிட்டால் படம் ஆர்கைவில் அப்படியே இருக்கும், ஆர்கைவிலிருந்து அழித்தால் ஹைலைட்டிலிருந்தும் போய்விடும். இந்த ரெண்டாவதில் கவனம் தேவை. பழையதைச் சுத்தம் செய்கிறேன் என்று ஆர்கைவில் உட்கார்ந்து அழிக்கிறவர்கள், புரொஃபைலில் ஹைலைட் ஓட்டையாகிவிட்டதை அப்புறம்தான் கவனிப்பார்கள்.

பிரைவேட்டாக இருந்த அக்கவுண்ட்டை வியாபாரத்துக்காகப் பப்ளிக் ஆக்குகிறவர்கள் முதலில் ஹைலைட்டுகளைப் பார்த்துவிடுங்கள். நேற்று வரை நூறு உறவினர்கள் மட்டும் பார்த்த குழந்தை பிறந்தநாள் படம் இன்று முதல் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றாகிவிடும். யார் பார்த்தார்கள் என்றும் தெரியாது. ஆர்கைவ் மட்டும் பப்ளிக் ஆனாலும் உங்களுக்கு மட்டுமே தெரியும்.

அழித்தால் எப்போது போகும்

அழித்த ஸ்டோரி உடனே முழுதாகப் போய்விடாது, `Your activity` உள்ளே `Recently deleted` என்ற இடத்துக்குப் போகும். ஆர்கைவில் இருந்த ஸ்டோரி என்றால் அங்கே 30 நாள் இருக்கும், அதற்குள் மீட்டுக்கொள்ளலாம். ஆர்கைவில் சேராத ஸ்டோரி என்றால், அதாவது ஓடிக்கொண்டிருக்கும்போதே அழித்தது போன்றவை, 24 மணி நேரம் வரைதான். அவசரத்தில் தப்பாக அழித்துவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் அன்றைக்கே போய் எடுங்கள். அங்கிருந்தும் போன பிறகு நம்மால் எடுக்க முடியாது. சர்வரிலிருந்து முழுதாக நீங்க 90 நாள் வரை ஆகலாம் என்று மெட்டா சொல்கிறது, அந்த இடைவெளி அவர்களுடைய வேலைக்கானது, நமக்கு எந்தப் பயனும் இல்லை.

லைவ் வீடியோவை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்கும் ஒரு ஆர்கைவ் உண்டு, அதே பக்கத்தில் `Live archive` என்று, ஆனால் அது 30 நாள்தான். ஸ்டோரி மாதிரி என்றைக்கும் இருக்கும் என்று நம்பி விட்டுவிட்டால் போயே போய்விடும். லைவ் முடிந்த வாரத்திலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்கைவுக்குக் கெடு இல்லை என்றாலும் அது அக்கவுண்ட்டோடு கட்டியது. அக்கவுண்ட் போனால், நாமே அழித்தாலும், திருட்டுப் போனாலும், விதிமீறல் என்று மூடப்பட்டாலும், ஆர்கைவும் கூடவே போகும். நாமே அழிக்கக் கொடுத்தால் மனம் மாற 30 நாள் உண்டு. மற்ற ரெண்டுக்கும் அப்படி உறுதி கிடையாது. அதனால் பிரதி வேறு இடத்தில் இருக்க வேண்டும். இதற்கு ரெண்டு வழி. அதே `Archiving and downloading` பக்கத்தில் ஸ்டோரியைப் போன் கேலரியிலும் சேமிக்கச் சொல்லும் இன்னொரு சுவிட்ச் இருக்கிறது, அதை இயக்கிவிட்டால் போடும்போதே ஒரு பிரதி போனில் விழும். இன்ஸ்டாவின் பாட்டு சேர்த்த ஸ்டோரியை இப்படிச் சேமித்தால் சில சமயம் சத்தம் இல்லாமல் சேரும், உரிமை விவகாரம், போன் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

இதுவரை போட்டதையெல்லாம் மொத்தமாக எடுக்க, `Accounts Center` உள்ளே `Your information and permissions` போய், உங்கள் தகவல்களை இறக்குவதற்கான கோரிக்கையை வைக்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்காமல் ஸ்டோரி அடங்கிய பகுதியை மட்டும் தேர்ந்தெடுங்கள், தேதி வரம்பை ஆரம்பம் முதல் என்று மாற்றுங்கள், மாற்றாவிட்டால் கடைசி ஒரு பகுதி மட்டும் வந்து நிற்கும். தயாரானதும் தகவல் வரும். வந்த இணைப்பு சில நாள்தான் வேலை செய்யும், பார்த்த அன்றே வைஃபையில் போட்டு இறக்கிவிடுங்கள்.

தங்கை அப்படி இறக்கியதில் பிளவுஸ் படங்களோடு அவள் கல்லூரிக் காலத்தில் போட்ட ஸ்டோரிகளும் வந்து விழுந்தன, மெஸ் சாம்பாரைத் திட்டி எழுதியது உட்பட. எல்லாம் அன்றைக்கே அழிந்துபோயிருக்கும் என்று நினைத்திருந்தாளாம். பார்த்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை, சாம்பார் மட்டும் பத்திரமாக இருந்தது.